சிறு கடை வாசலுக்குச் சீன இரட்டை வரி: ஓசைக் கணக்கிலிருந்து ஒட்டும் நாள் வரை

குவாங்சோ நகரில் ஒரு சீன நண்பருடன் கூட்டாகச் சிறிய தேநீர்க் கடை நடத்துகிறேன். சீனப் புத்தாண்டான வசந்த விழாவுக்கு வாசலின் இருபுறமும் சிவப்புத் தாளில் ஒட்டும் இரட்டை வரியை, அதாவது சுன்லியனை, கடையில் வாங்காமல் நாமே இயற்றலாம் என்று சென்ற விழாவின்போது துணிந்தேன். ஐந்தைந்து எழுத்துகள் கொண்ட இரண்டு வரிகள்தானே என்று நினைத்துத் தொடங்கிய வேலை மூன்று வாரம் இழுத்தது. அந்த மூன்று வாரத்தில் எங்கெங்கே தடுக்கினேன் என்பதை வரிசையாக எழுதுகிறேன். ஓரளவு மாண்டரின் படிக்கத் தெரிந்து, கையில் ஓர் அகராதியும் இருந்தால் இது போதும்.

1. முதலில் கதவை அளந்து, எழுத்தின் எண்ணிக்கையை முடிவு செய்யுங்கள்

சுன்லியன் இரண்டு செங்குத்துத் தாள்களும், கதவுக்கு மேலே கிடையாக ஒட்டும் நான்கெழுத்துத் தாள் ஒன்றும் சேர்ந்தது. இரண்டு வரிகளிலும் எழுத்துகளின் எண்ணிக்கை சமமாக இருக்க வேண்டும். கடைகளில் விற்பவை பெரும்பாலும் ஏழெழுத்து வரிகள். சிறு கடைக்கு ஐந்தெழுத்தே ஏற்றது என்பது என் கருத்து. ஏனெனில் கதவின் இருபுறமும் நமக்குக் கிடைக்கும் சுவர் குறுகலானது, குறுகிய தாளில் ஏழு எழுத்தை நெருக்கினால் தெருவின் எதிர்ப்பக்கத்திலிருந்து படிக்க முடியாது.

எங்கள் கதவின் ஓரத்தில் 20 சென்டிமீட்டர் அகலமே இருந்தது. ஆகவே 18 சென்டிமீட்டர் அகலமுள்ள தாளும், அதில் 13 சென்டிமீட்டர் எழுத்தும் என்று வைத்தோம். எழுத்துக்கும் இடைவெளிக்கும் சேர்த்து 18 சென்டிமீட்டர் என்றால் ஐந்து எழுத்துக்கு 90. மேலும் கீழும் ஐந்தைந்து விட்டால் தாளின் நீளம் ஒரு மீட்டர். இந்த அளவுகளை ஒரு சீட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எழுதித் தருபவர் முதலில் கேட்பது இதைத்தான்.

கடை ஒரு வணிக வளாகத்தில் இருந்தால், வெளிச்சுவரில் ஒட்டலாமா, கண்ணாடியில் மட்டும்தான் ஒட்டலாமா என்று கட்டட நிர்வாகத்திடம் இப்போதே கேட்டுவிடுங்கள். கண்ணாடி என்றால் அகலம் மாறும். அகலம் மாறினால் எழுத்தின் எண்ணிக்கையும் மாறக்கூடும். கடைப் பெயரை வரிக்குள் புகுத்த விரும்புவோர் வணிக உரிமத்தில் அச்சாகியிருக்கும் எழுத்தைப் பார்த்து எழுத வேண்டும். ஒரே ஒலிப்புக்குப் பல எழுத்துகள் உண்டு என்பதால் நினைவை நம்பக் கூடாது.

2. பொருளை இரண்டு பத்திகளாக எழுதி, சொல்லுக்குச் சொல் இணை தேடுங்கள்

இரண்டு தாள்களில் முதலில் படிப்பதை மேல்வரி என்றும் அடுத்ததைக் கீழ்வரி என்றும் சொல்கிறேன். மேல்வரியின் முதல் எழுத்து பண்புச்சொல் என்றால் கீழ்வரியின் முதல் எழுத்தும் பண்புச்சொல்லாக இருக்க வேண்டும். அதே இடத்தில் பெயருக்குப் பெயர், வினைக்கு வினை. நான் ஒரு தாளில் ஐந்து கட்டங்களை மேலும் கீழுமாக வரைந்துகொண்டு நிரப்பினேன். கடை புத்தாண்டை வரவேற்கிறது, தேநீர் பழைய நண்பர்களுக்காகக் காத்திருக்கிறது என்பதே நான் சொல்ல விரும்பியது. முதல் வரைவு இது. எழுத்துக்குக் கீழே இருப்பது அதன் தொனி எண்.

```
小 店 迎 新 岁
3  4  2  1  4
好 茶 等 老 人
3  2  3  3  2
```

ஷியாவ் தியென் யிங் ஷின் சுவே: சிறு கடை வரவேற்கும் புது ஆண்டை. ஹாவ் சா தெங் லாவ் ரென்: நல்ல தேநீர் காத்திருக்கும் பழைய மனிதருக்கு. சிறிய என்பதற்கு நல்ல, கடைக்குத் தேநீர், வரவேற்பதற்குக் காத்திருப்பது, புதுமைக்குப் பழமை, ஆண்டுக்கு மனிதர். கட்டங்கள் நிரம்பிவிட்டதால் வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

இந்தக் கட்டத்திலேயே விழக்கூடிய பள்ளம் ஒன்று உண்டு. இரண்டு வரிகளும் ஒரே செய்தியை வேறு சொற்களால் சொல்லிவிடக் கூடாது. மேலே கடை புத்தாண்டை வரவேற்கிறது என்றும், கீழே அங்காடி புது வருடத்தை எதிர்கொள்கிறது என்றும் எழுதினால் சொற்கள் அழகாக இணையும். ஆனால் சீனர்கள் அதைக் கை கூப்பியதுபோல் ஒட்டிக்கொண்ட வரிகள் என்று பெயர் சொல்லியே குறையாக எண்ணுவார்கள். கீழ்வரி புதிதாக ஒன்றைக் கொண்டுவர வேண்டும். மேல்வரியில் வந்த எழுத்தைக் கீழ்வரியில் வேறோர் இடத்தில் திரும்பப் பயன்படுத்துவதையும் தவிருங்கள்.

3. தொனியைக் காதால் அல்ல, அகராதியால் குறியுங்கள்

நான் அதிக நாள் தொலைத்த இடம் இது. மாண்டரினின் நான்கு தொனிகளை இங்கே இரண்டு வகையாகப் பிரிக்கிறார்கள். உயர்ந்து நீளும் முதல் தொனியும், மேலேறும் இரண்டாம் தொனியும் சமவகை. அதற்குப் பிங் என்று பெயர். தாழ்ந்து வளையும் மூன்றாம் தொனியும், வெட்டி இறங்கும் நான்காம் தொனியும் சாய்வகை. அதற்கு ட்சே என்று பெயர்.

ஐந்தெழுத்து வரிக்குப் பொதுவான அமைப்பு ஒன்று உண்டு. மேல்வரி சாய், சாய், சம, சம, சாய் என்று செல்லும். கீழ்வரி அதற்கு நேர்மாறாகச் சம, சம, சாய், சாய், சம என்று செல்லும். இரண்டாம், நான்காம், ஐந்தாம் இடங்களில் விட்டுக்கொடுப்பதில்லை. முதலும் மூன்றும் சற்றுத் தளர்ச்சியானவை. மேல்வரி சாய்வகையில் முடிய வேண்டும், கீழ்வரி சமவகையில் முடிய வேண்டும் என்பது எல்லாவற்றுக்கும் மேலான விதி. வரியின் கடைசி மூன்று எழுத்துகளும் ஒரே வகையாக நிற்கக் கூடாது.

தமிழில் யாப்புப் பழகியவர்கள் இங்கே தங்கள் காதைச் சற்று அடக்கி வைக்க வேண்டும். வெண்பாவில் ஒரு சீரின் ஈற்றசைக்கும் அடுத்த சீரின் முதலசைக்கும் உள்ள உறவைத் தளை பார்க்கிறது. இங்கே வரிக்குள் ஓடும் ஏற்ற இறக்கத்தோடு, மேலும் கீழும் ஒரே இடத்தில் நிற்கும் இரண்டு எழுத்துகள் எதிரெதிராக இருக்கின்றனவா என்றும் பார்க்கிறார்கள். இயைபுத் தொடை நமக்கு இனிக்கும். சுன்லியனிலோ இரண்டு வரிகளும் ஒரே ஓசையில் முடிந்தால் அது பிழை. நான் முதலில் எழுதிக் கிழித்துப்போட்ட வரிகளில் பாதி, ஈற்றை ஒலியொத்துப் போட்டதால் கெட்டவை.

இப்போது முதல் வரைவுக்கு வருகிறேன். மேல்வரியின் எண்கள் 3, 4, 2, 1, 4; அமைப்போடு அப்படியே பொருந்துகின்றன. கீழ்வரியை என் கூட்டாளியைப் படிக்கச் சொல்லிக் கேட்டுக் குறித்தபோது எனக்குக் கிடைத்தவை 3, 2, 2, 3, 2. சமவகை மூன்று இருக்கின்றன, கவலை இல்லை என்று விட்டுவிட்டேன். அகராதியைத் திறந்தபோது மூன்றாம் எழுத்தான தெங் இரண்டாம் தொனி அல்ல, மூன்றாம் தொனி. மாண்டரினில் மூன்றாம் தொனி எழுத்துகள் இரண்டு அடுத்தடுத்து வந்தால் முன்னது பேச்சில் இரண்டாம் தொனியாகத் திரியும். அடுத்து நின்ற லாவ் மூன்றாம் தொனி என்பதால் தெங் திரிந்து கேட்டது. சுன்லியனில் கணக்கில் சேர்வது எழுத்தின் இயல்பான தொனி. பேச்சில் வரும் திரிபு சேராது.

உண்மையான எண்களை எழுதிப் பார்த்தால் கீழ்வரி சாய், சம, சாய், சாய், சம. இறுதி எழுத்தை விட்டால் நடுவில் ஒரே ஒரு சம எழுத்துதான் தனித்து நிற்கிறது. இதற்குத் தனித்த சமம் என்று பெயர். செய்யுள் பழகியவர்கள் முதலில் பிடிக்கும் குறை இதுவே. முதல் இடம் தளர்ச்சியானது என்று மேலே சொன்னேன். இந்த அமைப்பில் உள்ள கீழ்வரிக்கு மட்டும் அந்தத் தளர்ச்சி கிடையாது. முதல் எழுத்தைச் சமவகையாக மாற்றினால் குறை தீர்ந்துவிடும். ஆகவே நல்ல என்னும் ஹாவ் போய், தெளிந்த என்னும் ச்சிங் வந்தது. பொருளும் மேம்பட்டது. சீனக் கடைக்காரர்கள் தம் கடையைப் பணிவாகச் சிறு கடை என்றே குறிப்பிடுவார்கள். அந்தப் பணிவுக்கு எளிய, தெளிந்த தேநீர்தான் பொருத்தம். என் தேநீர் நல்ல தேநீர் என்று நானே சொல்லிக்கொள்வது அந்தக் குரலோடு ஒட்டவில்லை.

இன்னொரு எச்சரிக்கை: சில எழுத்துகளுக்கு இரண்டு தொனிகள் உண்டு. கடைகள் விரும்பும் செழிப்பு என்னும் பொருளில் ஷிங் முதல் தொனி. அதே எழுத்து மகிழ்ச்சி என்னும் சொல்லில் வரும்போது நான்காம் தொனி. நீங்கள் பயன்படுத்தும் பொருளுக்கு நேரே அகராதி தரும் தொனியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

4. பழைய தொனியா, புதிய தொனியா என்று ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்

பழைய சீனத்தில் க், ட், ப் என்று வல்லினத்தில் அடைபட்டு முடியும் ஒரு தொனி இருந்தது. அது சாய்வகையில் சேரும். மாண்டரினில் அந்த அடைப்பு மறைந்து, அவ்வெழுத்துகளில் பல முதலாம், இரண்டாம் தொனிகளுக்குப் போய்விட்டன. அதாவது சமவகை ஆகிவிட்டன. குவாங்சோவில் பேசும் கான்டனீஸில் அந்த அடைப்பு இன்றும் காதில் விழுகிறது. நற்பேறு என்னும் பொருளுள்ள எழுத்து மாண்டரினில் ஃபூ, இரண்டாம் தொனி, சமம். கான்டனீஸில் ஃபுக், சாய்.

இது எங்கள் கடையிலேயே சிறு வாக்குவாதத்தைக் கிளப்பியது. புத்தாண்டு என்று முடிப்பதற்குப் பதிலாகப் பெரும் நற்பேறு என்று பொருள்படும் ஹோங் ஃபூவில் மேல்வரியை முடிக்கலாம் என்றார் என் கூட்டாளி. அவர் காதுக்கு அது ஃபுக் என்று அடைபட்டு முடிவதால் சாய்வகை, விதிப்படி சரி. என் அகராதியிலோ அது இரண்டாம் தொனி. மேல்வரியும் சமம், கீழ்வரியும் சமம் என்றாகி, விதி உடைகிறது. இருவர் சொன்னதும் சரியே. சீன இரட்டைவரிக் கழகம் 2008இல் வெளியிட்ட விதித்தொகுப்பு பழைய தொனிமுறை, புதிய தொனிமுறை இரண்டையும் ஏற்கிறது. ஒரே இணைக்குள் இரண்டையும் கலக்கக் கூடாது என்பதே அதன் நிபந்தனை.

கடை வாசலுக்கு எழுதுவோருக்கு நான் சொல்வது வேறு. எங்கள் வாசலைக் கடப்பவர்களில் கான்டனீஸ் பேசுபவரும் உண்டு, மாண்டரின் மட்டும் தெரிந்தவரும் உண்டு. இரண்டு முறையிலும் ஒரே வகையில் நிற்கும் எழுத்துகளாகத் தேடிப் போட்டுவிட்டால் யாரும் குறை சொல்ல இடமில்லை. ஆண்டு என்னும் சுவே இரு முறையிலும் சாய்வகை என்பதால் அதையே வைத்துக்கொண்டோம்.

5. எழுதும் முன் ஒரு பெரியவரிடம் காட்டுங்கள்

விதிகள் பொருந்திய பிறகும் வரி தவறாக இருக்கலாம். என் முதல் வரைவில் இருந்த லாவ் ரென் பழைய நண்பரைக் குறிக்காது. அது முதியவரைக் குறிக்கும். கடை முதியோருக்காகக் காத்திருக்கிறது என்று வாசலில் எழுதி ஒட்டியிருப்பேன். கூட்டாளி சிரித்துவிட்டு அதைக் கூ ரென் என்று மாற்றினார். பழைய நண்பர் என்னும் பொருளில் பழம்பாடல்களில் வரும் சொல் அது. தொனி 4, 2, அமைப்போடும் பொருந்தியது. வினையையும் பேச்சுவழக்கான தெங்கிலிருந்து, எழுத்துவழக்கான தாய் என்பதற்கு மாற்றினோம். அதற்கும் காத்திருத்தல் என்றே பொருள். விருந்தினரை உபசரித்தல் என்ற பொருளும் கூடுதலாக உண்டு.

பக்கத்தில் மூலிகைக் கடை வைத்திருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியரிடம் தாளை நீட்டினேன். அவர் மேல்வரியைப் படித்துத் தலையசைத்தார். கீழ்வரியின் கடைசி இரண்டு எழுத்துகளுக்கு வந்ததும் விரலை அங்கேயே வைத்துக்கொண்டு, இன்றைய பேச்சில் கூ ரென் என்றால் இறந்துபோனவர் என்றும் பொருள் உண்டே, ஆண்டுப் பிறப்பன்று வாசலில் இது வேண்டுமா என்று கேட்டார். அகராதியைப் பார்த்தால் இரண்டாவது பொருளாக அது இருக்கத்தான் செய்தது. முதல் பொருளோடு நான் நின்றுவிட்டிருந்தேன். அவரே பென்சிலால் கடைசி எழுத்தை அடித்து, நட்பு என்னும் ஜியாவை எழுதினார். கூ ஜியாவ் என்றால் நெடுநாள் நண்பர். வேறு நிழல் அதில் இல்லை. முதல் தொனி, சமவகை.

```
小 店 迎 新 岁
3  4  2  1  4
清 茶 待 故 交
1  2  4  4  1
```

சிறு கடை புத்தாண்டை வரவேற்கிறது, தெளிந்த தேநீர் பழைய நண்பருக்குக் காத்திருக்கிறது. ஐந்து இடங்களிலும் சமமும் சாய்வும் எதிரெதிராக நிற்கின்றன. புதுமைக்கு எதிரே பழமை நிற்பது இந்த இணையில் எனக்கு மிகவும் பிடித்த இடம்.

6. மேலே ஒட்டும் நான்கெழுத்து

இதற்குத் தொனி விதி கண்டிப்பாக இல்லை. இரு வரிகளில் வந்த எழுத்தைத் திரும்பப் போடாமல் இருந்தால் போதும். வசந்தம், தேநீர் மணம் என்று நான் கோத்துப் பார்த்தவற்றில் எல்லாம் தேநீர் என்ற எழுத்து இரண்டாம் முறை வந்துகொண்டே இருந்தது. கடைசியில் வழக்கில் உள்ள மரபுத்தொடரையே எடுத்தோம்.

```
宾至如归
```

பின் ஜி ரூ குவே: வந்த விருந்தினருக்குத் தன் வீட்டுக்கே திரும்பிய உணர்வு. தேநீர்க் கடைக்கு இது போதும்.

7. தாள், மை, செலவு

எழுதித் தருபவரிடம் செல்லும்போது மூன்று சீட்டுகளைக் கொண்டு செல்லுங்கள்: அளவுச் சீட்டு, தொனி எண்களோடு கூடிய வரிகளின் அச்சுப்படி, எளிய எழுத்தில் வேண்டுமா, மரபு எழுத்தில் வேண்டுமா என்ற குறிப்பு. கையெழுத்துக் கலைஞர்கள் பலர் மரபு எழுத்தை விரும்புவார்கள். தொனியை அது பாதிக்காது. ஒரே தாளில் இரண்டையும் கலக்க மட்டும் விடாதீர்கள். வாய்மொழியாகச் சொல்லி எழுத வைத்தால் ஒலி ஒத்த வேறோர் எழுத்து விழுந்துவிடும். காய்ந்த பிறகு திருத்த வழியில்லை.

எனக்கு ஆன செலவு: கட்டம் அச்சிட்ட சிவப்புத் தாள் பத்து இணை கொண்ட கட்டு 25 யுவான், மை ஒரு புட்டி 12 யுவான், எழுதியவருக்கு 40 யுவான். அச்சிட்ட இணையைக் கடையில் 15 யுவானுக்கு வாங்கியிருக்கலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தாளில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். குவாங்சோவில் விழா முடிந்து வசந்தம் தொடங்கும்போது தெற்கிலிருந்து ஈரக்காற்று திரும்பி வரும். சுவரும் தரையும் வியர்க்கும். மலிவான தாளின் சாயம் அப்போது கரைந்து வெள்ளைச் சுவரில் வழியும். வாங்கும் முன் தாளின் ஓரத்தை நனைந்த விரலால் தேய்த்துப் பாருங்கள். விரல் சிவந்தால் விட்டுவிடுங்கள்.

8. எந்த நாள், எந்தப் பக்கம்

பன்னிரண்டாம் சந்திர மாதத்தின் 28ஆம் நாளிலிருந்து ஆண்டின் கடைசி நாள் வரை ஒட்டுவது வழக்கம். 30ஆம் நாள் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். 2025 முதல் 2029 வரை ஐந்து வசந்த விழாக்களிலும் அந்த மாதம் 29 நாளோடு முடிகிறது. 2027இல் புத்தாண்டு பிப்ரவரி 6; அப்படியானால் 28ஆம் நாள் பிப்ரவரி 4, கடைசி நாள் பிப்ரவரி 5. ஜனவரி நடுவிலேயே வரிகளை முடித்துவிடுங்கள். கடைசி வாரத்தில் எழுதுபவர்களிடம் வரிசை நீளும், ஊழியர்கள் ஊருக்குக் கிளம்பிவிடுவதால் தாள் கூரியரில் வருவதும் தாமதமாகும்.

ஒட்டும்போது கதவைப் பார்த்து நில்லுங்கள். மேல்வரி உங்கள் வலக்கைப் பக்கம், கீழ்வரி இடக்கைப் பக்கம். மேலே உள்ள நான்கெழுத்து வலமிருந்து இடமாகப் படிக்கும்படி எழுதப்பட்டிருக்க வேண்டும். நான்கெழுத்தை இன்றைய முறைப்படி இடமிருந்து வலமாக எழுதியிருந்தால் இரண்டு தாள்களையும் இடம் மாற்ற வேண்டும். எழுதித் தருபவரிடம் இதை முன்பே சொல்லிவிடுங்கள்.

எந்தத் தாள் மேல்வரி என்று குழம்பினால் கடைசி எழுத்தின் தொனியைப் பாருங்கள்: மூன்று அல்லது நான்கு என்றால் மேல்வரி. கடையில் வாங்கிய இணையில் இரண்டுமே சமமாகத் தோன்றினால், ஃபூ போன்ற பழைய அடைப்புத் தொனி எழுத்து ஒன்றில் முடிகிறதா என்று கான்டனீஸ் பேசும் ஒருவரைப் படிக்கச் சொல்லுங்கள். அடைபட்டு ஒலிப்பதே மேல்வரி.

எங்கள் கடையில் நான் ஏணியில் நின்று இடமும் வலமும் மாற்றிப் பிடித்திருந்தேன். மூலிகைக் கடை ஆசிரியர் தம் வாசலிலிருந்தே கையை ஆட்டி மாற்றச் சொன்னார். இருபக்க நாடாவின் மேல்தாளை இன்னும் உரிக்கவில்லை என்பதால் தாள் பிழைத்தது.